ஒரே பார்ட், இரண்டு சி.எம்.எம். ரிப்போர்ட்: 0.02 எப்படி 0.32 ஆனது?

கேள்வி: கப்பலூர் சிட்கோவில் ஒரு மெஷினிங் யூனிட்டில் குவாலிட்டி பார்க்கிறேன் சார். அலுமினிய டை காஸ்டிங் ஹவுசிங். நாலு எம்8 டேப் ஹோல், A-B-C டேட்டத்துக்கு பொசிஷன் விட்டம் 0.2. எங்கள் ரிப்போர்ட்டில் நாலும் 0.02, 0.03 தான். அதே பார்ட்டை கஸ்டமர் அளந்து, ஹோல் 2-ல் 0.32, ஹோல் 4-ல் 0.31 என்று ரிஜெக்ட் செய்துவிட்டார். இரண்டு மெஷினுக்கும் கேலிப்ரேஷன் சர்டிபிகேட் இருக்கிறது. நான் A முகத்தில் லெவல் செய்து, பக்கவாட்டு எட்ஜில் இரண்டு பாயிண்ட் எடுத்து ரொட்டேட் செய்து, B போரில் ஒரிஜின் வைக்கிறேன். டேப் அடிக்கும் மெஷினிலும் அதே எட்ஜை ஸ்டாப்பரில் ஒட்டித்தான் பிடிக்கிறோம். டிராயிங்கும் இரண்டு ரிப்போர்ட்டும் அனுப்பியிருக்கிறேன். யார் அளந்தது தப்பு?

பதில்:

தம்பி, இரண்டு ப்ரோப்பும் சரியாகத்தான் தொட்டிருக்கின்றன. ஆனால் டிராயிங் கேட்பதை அளந்திருப்பது கஸ்டமர். உங்கள் ரிப்போர்ட்டில் X அச்சு எட்ஜின் திசையில் ஓடுகிறது. டிராயிங்கில் அது B போரிலிருந்து C போருக்குப் போகிற திசையில் ஓட வேண்டும். இந்த இரண்டு திசைக்கும் நடுவில் உங்கள் பார்ட்டில் ஏறக்குறைய 0.001 ரேடியன், அதாவது 0.057 டிகிரி வித்தியாசம் இருக்கிறது. ஒரு மீட்டர் போனால் ஒரு மில்லிமீட்டர் விலகுகிற சாய்வு. மொத்தப் பிரச்சினையும் அதுதான்.

இதை நம்புவதற்கு முன் ஒரு சோதனை செய்து பாருங்கள். உங்கள் புரோகிராமில் எதையும் மாற்றாமல், கடைசியில் C போரையும் ஒரு சர்க்கிளாக எடுத்து, அதன் X, Y இரண்டையும் ரிப்போர்ட்டில் போடுங்கள். டிராயிங்படி C இருக்க வேண்டிய இடம் X 180, Y 0. உங்கள் அலைன்மெண்டில் Y −0.18 அல்லது அதற்குப் பக்கத்தில் வரும் என்று எதிர்பார்க்கிறேன். இத்தனை நாள் இது கண்ணில் படாததற்குக் காரணம் உங்கள் ரிப்போர்ட்டிலேயே தெரிகிறது. B-யிலிருந்து C-க்கு உள்ள தூரத்தை மட்டும் 180 ± 0.05 என்று பார்த்திருக்கிறீர்கள். தூரம் சரியாக வந்துவிட்டது. C எந்தத் திசையில் இருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை.

சரி, ரிப்போர்ட்டை மட்டும் பார்த்து ப்ரோபிங்கில் தப்பில்லை என்று எப்படிச் சொல்கிறேன்? ஹோலுக்கு ஹோல் உள்ள தூரத்தை இரண்டு ரிப்போர்ட்டிலும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஹோல் 1-க்கும் 2-க்கும் இடையே உங்களுக்கு 120.00, அவர்களுக்கும் 120.00. ஹோல் 2-க்கும் 4-க்கும் இடையே உங்களுக்கு 59.98, அவர்களுக்கும் 59.98. குறுக்காக ஹோல் 1-லிருந்து 4-க்கு இரண்டு பேருக்கும் 134.16. ஒரு பார்ட்டில் இருக்கிற இரண்டு ஹோலுக்கு நடுவில் உள்ள தூரம், ஒரிஜினை எங்கே வைத்தாலும், அச்சை எப்படித் திருப்பினாலும் மாறாது. அதனால் அந்தத் தூரங்கள் ஒத்துப்போனால் ஹோல்களின் மையத்தை இரண்டு மெஷினும் ஒழுங்காகவே பிடித்திருக்கின்றன என்று அர்த்தம். ஹோல் கூட்டம் ஒன்றேதான், அதைப் பார்க்கிற கோணம் மட்டும் வேறு. இரண்டு சி.எம்.எம். ரிப்போர்ட் முரண்படும்போதெல்லாம் நான் முதலில் போடுகிற கணக்கு இதுதான். ஐந்து நிமிட வேலை, பிரச்சினை ப்ரோபிங்கிலா அலைன்மெண்டிலா என்று பிரித்துக் காட்டிவிடும்.

ஒருவேளை அந்தத் தூரங்கள் ஒத்துப்போகாமல் இருந்திருந்தால் எங்கே தேடியிருக்க வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ப்ரோப் தொடும்போது மெஷின் குறித்துக்கொள்வது பார்ட்டின் பரப்பை அல்ல, ரூபி பந்தின் மையம் அந்தக் கணத்தில் எங்கே இருந்தது என்பதை. பரப்பு எங்கே என்பதைச் சாஃப்ட்வேர் பந்தின் ஆரத்தைக் கூட்டியோ கழித்தோ கண்டுபிடிக்கிறது. அந்த ஆரமும் பெட்டியில் எழுதியிருக்கிற ஆரம் அல்ல. டச் டிரிக்கர் ப்ரோப் பரப்பைத் தொட்டதும் உடனே சிக்னல் கொடுக்காது, தண்டு கொஞ்சம் வளைந்த பிறகுதான் கொடுக்கும். அதனால் காலையில் மாஸ்டர் பாலைத் தொட்டு குவாலிஃபை செய்யும்போது 4 மி.மீ. பந்து 3.99 போலக் கொஞ்சம் சிறிதாகத்தான் வரும். அதுதான் சரியான எண். குவாலிஃபை செய்யாமல் ஸ்டைலஸை மாற்றினால் போர் விட்டமெல்லாம் ஒரே அளவில் கூடும் அல்லது குறையும். மையம் மட்டும் பெரிதாக நகராது, ஏனென்றால் சுற்றிலும் ஒரே தப்பு நடக்கிறது.

உங்கள் பார்ட்டில் ப்ரோபிங் நிஜமாகவே தடுமாறக்கூடிய இடம் எம்8 மரைதான். பந்து ஒரு ஹிட்டில் மரையின் மேட்டில் உட்காரும், இன்னொரு ஹிட்டில் பள்ளத்தில் இறங்கும். ஒரே ஆழத்தில் நாலு பாயிண்ட் எடுத்தால் மையம் பல பத்து மைக்ரான் வரை ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போகும். மரையோடு சேர்ந்து இறங்க வேண்டும். எம்8-ன் பிட்ச் 1.25 மி.மீ. நாலு ஹிட் எடுப்பதாக இருந்தால் மரை போகிற திசையில் ஒவ்வொரு கால் சுற்றுக்கும் 0.3125 இறக்க வேண்டும். அப்போது நாலு ஹிட்டும் மரையின் ஒரே மாதிரியான இடத்தில் விழும். சாஃப்ட்வேரில் பிட்ச் கேட்கிற கட்டம் இதற்காகத்தான் இருக்கிறது. அதைச் சும்மா பூஜ்யத்தில் விட்டுவைத்திருப்பதைப் பல இடங்களில் பார்க்கிறேன். நீங்கள் 1.25 போட்டிருப்பது ரிப்போர்ட்டில் தெரிகிறது, நல்லது.

இப்போது அலைன்மெண்டுக்கு வருவோம். மெஷினின் கிரானைட் மேஜையில் பார்ட்டை எப்படி வைத்தாலும் மெஷினுக்குத் தன் ஸ்கேலின் எண்கள் மட்டும்தான் தெரியும். பார்ட்டுக்கு ஆறு விதமான அசைவு உண்டு: மூன்று திசையில் நகரலாம், மூன்று அச்சில் திரும்பலாம். அலைன்மெண்ட் என்பது இந்த ஆறையும் ஒவ்வொன்றாகக் கட்டிப்போடுவது. A முகத்தில் பிளேன் எடுத்து லெவல் செய்யும்போது இரண்டு சாய்வும் Z உயரமும் கட்டுப்படுகின்றன. B போரின் மையத்தை ஒரிஜினாக வைக்கும்போது X, Y நகர்வு கட்டுப்படுகிறது. மீதி இருப்பது ஒன்றே ஒன்று, Z அச்சைச் சுற்றித் திரும்புவது. டிராயிங்கில் A, B-க்குப் பிறகு C என்று போட்டிருப்பதே இந்தக் கடைசி ஒன்றைக் கட்டுவதற்குத்தான். நீங்கள் ஐந்தை டிராயிங்படி கட்டிவிட்டு ஆறாவதை எட்ஜிடம் கொடுத்துவிட்டீர்கள்.

ஆறில் ஒன்றுதானே, அதற்கு இவ்வளவா என்று தோன்றும். கணக்கைப் பாருங்கள். அச்சு θ அளவு திரும்பியிருந்தால் ஒவ்வொரு ஹோலும் நகர்கிற அளவும், அதிலிருந்து வருகிற பொசிஷனும் இவ்வளவுதான்:

```
dX  = -θ × Y
dY  = +θ × X
POS = 2 × √(dX² + dY²)
```

ஹோல் 4 இருக்க வேண்டிய இடம் X 150, Y 80. θ 0.001 என்றால் X-ல் −0.08, Y-ல் +0.15 நகரும். உங்கள் ரிப்போர்ட்டில் அந்த ஹோலின் விலகல் X-ல் +0.01, Y-ல் −0.01. இரண்டையும் கூட்டினால் −0.07, +0.14. கஸ்டமர் ரிப்போர்ட்டில் ஹோல் 4-க்கு எதிரே DEV வரிசையில் இருக்கிற எண்கள் அதேதான். மேலே உள்ள சூத்திரத்தில் போட்டால் 0.31. ஹோல் 2 இருப்பது X 150, Y 20. அங்கே −0.02, +0.15 சேருகிறது. உங்கள் 0.00, +0.01-உடன் கூட்டினால் −0.02, +0.16. பொசிஷன் 0.32.

ஹோல் 1-ம் 3-ம் ஏன் தப்பித்தன என்பதும் இதிலேயே இருக்கிறது. இரண்டும் X 30-ல்தான் இருக்கின்றன. ஒரிஜினுக்குப் பக்கத்தில் இருப்பதால் Y-ல் 0.03 மட்டும் நகர்கின்றன. ஹோல் 1-க்கு 0.09-ம், ஹோல் 3-க்கு 0.15-ம் வந்து 0.2-க்குள் நின்றுவிட்டன. கஸ்டமர் அந்த இரண்டையும் ஓகே என்று போட்டிருப்பதால், டிரில் செய்யும்போது ஏதோ இரண்டு ஹோல் மட்டும் விலகிவிட்டது என்று உங்கள் புரொடக்‌ஷன் ஆட்கள் சொல்லக்கூடும். அப்படி இல்லை. நாலு ஹோலும் ஒன்றாகத்தான் திரும்பியிருக்கின்றன.

இந்த அடையாளத்தை நன்றாகப் பழகிக்கொள்ளுங்கள், ஏனென்றால் ரிப்போர்ட்டின் DEV வரிசையைப் பார்த்தாலே என்ன நடந்திருக்கிறது என்று பாதி சொல்லிவிடலாம். எல்லா ஹோலும் ஒரே திசையில் ஒரே அளவு விலகியிருந்தால் ஒரிஜின் நகர்ந்திருக்கிறது. B போரில் பர் இருந்திருக்கலாம், அல்லது தூசி மேல் தொட்டிருக்கலாம். X விலகல் அந்த ஹோலின் Y தூரத்தைப் பொறுத்தும், Y விலகல் அதன் X தூரத்தைப் பொறுத்தும், ஒன்றுக்கொன்று எதிர்க் குறியோடு வளர்ந்தால் அச்சு திரும்பியிருக்கிறது. உங்கள் கேஸ் இதுதான். X விலகல் X தூரத்தோடும் Y விலகல் Y தூரத்தோடும் சேர்ந்து வளர்ந்தால் பார்ட் விரிந்தோ சுருங்கியோ இருக்கிறது, அது வெப்பம். எந்த ஒழுங்கும் இல்லாமல் ஒவ்வொன்றும் ஒரு பக்கம் போனால்தான் டிரில்லையோ மரை ப்ரோபிங்கையோ சந்தேகப்பட வேண்டும்.

வெப்பம் என்றதும் நம் ஊரில் எல்லோரும் முதலில் அதைத்தான் சொல்வார்கள். சித்திரை, வைகாசியில் கப்பலூர் ஷெட்டுக்குள் நின்றவர்களுக்கு அந்தச் சந்தேகம் வருவதில் நியாயம் இருக்கிறது. பரிமாண அளவுக்கு உலகம் முழுக்க வைத்திருக்கிற வெப்பநிலை 20 டிகிரி. அலுமினியம் ஒரு மீட்டருக்கு ஒரு டிகிரிக்கு ஏறக்குறைய 23 மைக்ரான் விரியும். மெஷினிலிருந்து எடுத்த சூட்டோடு 35 டிகிரியில் பார்ட்டை மேஜையில் வைத்தால், 150 மி.மீ.க்கு 0.05 மி.மீ. கூடும். அது சின்ன எண் இல்லை. 180 ± 0.05 போன்ற அளவை அது மட்டுமே தின்றுவிடும். ஆனால் இங்கே நடந்திருப்பது 0.15 மி.மீ., அதுவும் நீளத்தின் திசையில் இல்லை, குறுக்காக. ஹோலுக்கு ஹோல் தூரமும் மாறவில்லை. அதனால் இந்தத் தகராறில் ஏ.சி.யைக் குறை சொல்ல இடமில்லை. பார்ட்டை அளவறையில் போதுமான நேரம் வைத்து, மேஜையின் சூட்டுக்கு வந்த பிறகு அளக்கிற பழக்கத்தை மட்டும் விடாதீர்கள்.

அடுத்த கேள்வி, தப்பான அச்சில் அளந்த உங்கள் ரிப்போர்ட் இவ்வளவு சுத்தமாக 0.02 என்று ஏன் வந்தது? எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது. உங்கள் வேலை இரண்டு செட்டிங்கில் நடக்கிறது. முதல் செட்டிங்கில் வி.எம்.சி.யில் A முகமும் B, C போர்களும் ஒன்றாக முடிகின்றன. டேப் ஹோல் இன்னொரு மெஷினில், எட்ஜை ஸ்டாப்பரில் ஒட்டி, B போரில் டயல் வைத்து சென்டர் பிடித்துப் போடப்படுகிறது. அந்த மெஷினின் X அச்சும் எட்ஜ்தான், ஒரிஜினும் B-தான். அப்புறம் சி.எம்.எம்.மில் நீங்களும் எட்ஜையும் B-யையும் வைத்தே அளக்கிறீர்கள். அதாவது டேப்பிங் மெஷின் எந்தக் கண்ணால் பார்த்து ஹோல் போட்டதோ, அதே கண்ணால் பார்க்கிறீர்கள். அந்த மெஷின் ஸ்லைடு துல்லியமாக நகர்கிறதா என்பதைத்தான் உங்கள் ரிப்போர்ட் சொல்கிறது. எட்ஜ் கோணலாக இருப்பதால் ஃபிக்ஸரில் பார்ட் கோணலாக உட்கார்ந்தால் அந்த ரிப்போர்ட்டில் ஒருநாளும் தெரியாது, எவ்வளவு கோணலாக இருந்தாலும் 0.02 என்றே வரும். ஃபிக்ஸரின் தப்பைப் பிடிக்க வேண்டிய மெஷினை ஃபிக்ஸரோடு ஒத்துப்போகும்படி வைத்துவிட்டீர்கள்.

எட்ஜ் ஏன் B-C கோட்டுக்கு இணையாக இல்லை என்றால், இருக்க வேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்தவில்லை என்பதுதான் காரணம். அது காஸ்டிங்கின் மெஷின் செய்யாத பரப்பு. முதல் செட்டிங்கில் காஸ்டிங்கை வேறு மூன்று இடங்களில் தாங்கிப் பிடித்துப் போர் போடுகிறார்கள். 180 மி.மீ.க்கு 0.18 விலகுவது டை காஸ்டிங்கில் சாதாரணமாக நடப்பது. அது போக, டையிலிருந்து காஸ்டிங் கழன்று வர வேண்டும் என்பதற்காகப் பக்கச் சுவருக்கு ஒரு டிகிரி, ஒன்றரை டிகிரி சரிவு கொடுத்திருப்பார்கள். ஒரு டிகிரி சரிவில் 2 மி.மீ. உயரம் மாறித் தொட்டால் பாயிண்ட் 0.035 மி.மீ. தள்ளிப் போகும். ஜாய்ஸ்டிக்கில் கையால் தொடும்போது இரண்டு பாயிண்டும் ஒரே உயரத்தில் விழும் என்று உறுதி கிடையாது.

அதோடு அந்த இரண்டு பாயிண்டுக்கு நடுவில் எவ்வளவு இடைவெளி விட்டிருக்கிறீர்கள் என்றும் பாருங்கள். உங்கள் டிராயிங்கில் எட்ஜின் நேரான பகுதியே 60 மி.மீ. சுமார்தான். 60 மி.மீ. இடைவெளியில் ஒரு பாயிண்ட் 0.03 தப்பினால், 150 மி.மீ.யில் இருக்கிற ஹோலில் அது 0.075 ஆகப் பெருகும். பொசிஷனில் அது 0.15, டாலரன்ஸில் முக்கால்வாசி. B-க்கும் C-க்கும் நடுவில் 180 மி.மீ. இருக்கிறது. அங்கே 0.03 தப்பினாலும் அதே ஹோலில் 0.025 தான். திசையைத் தீர்மானிக்கிற இரண்டு இடங்கள், நாம் அளக்கப்போகிற ஹோல்களைவிட தள்ளி இருந்தால் தப்பு சுருங்கும், நெருங்கி இருந்தால் பெருகும். டிசைன் செய்தவர் B, C டவல் போர்களை இரண்டு ஓரத்தில் தள்ளி வைத்திருப்பதில் இந்த யோசனை இருக்கிறது.

இனி புரோகிராமைத் திருத்துகிற வழி. முதலில் கையால் ஒரு தோராய அலைன்மெண்ட்: A-யில் மூன்று பாயிண்ட், B-யில் நாலு, C-யில் நாலு. இதன் வேலை பார்ட் மேஜையில் எங்கே இருக்கிறது என்று மெஷினுக்குச் சொல்வது மட்டும்தான், இதில் வருகிற எண்ணை எங்கும் பயன்படுத்தாதீர்கள். பிறகு மெஷினையே ஓடவிட்டு அதே மூன்றையும் மறுபடி எடுங்கள். A முகத்தில் எட்டு பாயிண்டாவது, ஓரங்கள் வரை பரவலாக இருக்கட்டும். நடுவில் குவித்து எடுத்தால் லெவல் சாயும். லெவல் சாய்ந்தால் போரின் மையம் ஆழத்தோடு நகரும். B-யிலும் C-யிலும் எட்டு பாயிண்ட் வீதம், வாய்ப் பக்கத்து சேம்ஃபரையும் பர்ரையும் தாண்டி இரண்டு, மூன்று மி.மீ. உள்ளே எடுங்கள். மூன்றே பாயிண்டில் சர்க்கிள் எடுத்தால் அதில் ஒன்று தூசி மேல் விழுந்தாலும் வட்டத்தன்மை பூஜ்யம் என்றே காட்டும், மூன்று புள்ளி வழியே எப்போதும் ஒரு வட்டம் போய்விடுமே. எட்டு எடுத்தால் தப்பானது வட்டத்தன்மை எண்ணில் உடனே தலைகாட்டும்.

பிசி-டிமிஸ்ஸில் உங்கள் புரோகிராமில் இப்போது இருப்பது முதல் வரி. அதை எடுத்துவிட்டு இரண்டாவது வரி வர வேண்டும்:

```
ALIGNMENT/ROTATE,XPLUS,TO,LIN1,ABOUT,ZPLUS
ALIGNMENT/ROTATE_CIRCLE,XPLUS,TO,CIR_B,AND,CIR_C,ABOUT,ZPLUS
```

லெவலும் ஒரிஜினும் இப்போது இருப்பது போலவே இருக்கட்டும். மாறுவது இந்த ஒரு வரிதான்.

ஓடி முடிந்ததும் ரிப்போர்ட்டின் முதல் பகுதியில் B-யின் X, Y-யையும் C-யின் X, Y-யையும் அச்சிடுங்கள். B இரண்டிலும் 0.000 காட்ட வேண்டும். C, Y-ல் 0.000 காட்ட வேண்டும். அதன் X 180-லிருந்து எவ்வளவு விலகியிருக்கிறதோ அது பார்ட்டின் உண்மையான விலகல். சாதாரண ரிப்போர்ட்டில் NOMINAL, MEAS, DEV, OUTTOL எல்லாம் இருக்கும், எந்த அலைன்மெண்டில் நின்று அளந்தோம் என்பது மட்டும் வாசிப்பவருக்குத் தெரியாது. இந்த நாலு எண் இருந்தால் கஸ்டமர் பக்கத்தில் வாசிக்கிறவர் உங்கள் அச்சு எங்கே இருந்தது என்று ஒரே பார்வையில் புரிந்துகொள்வார். அவரிடமும் இதே நாலு எண்ணைக் கேளுங்கள், தயங்க வேண்டாம்.

இன்னொரு சோதனையும் உண்டு. பார்ட்டை அளந்த பிறகு ஃபிக்ஸரிலிருந்து கழற்றி, துடைத்து, மறுபடி வைத்து முழு புரோகிராமையும் ஓட்டுங்கள். ஹோல் 4-ன் X, Y சில மைக்ரானுக்குள் திரும்பி வர வேண்டும். 0.02-க்கு மேல் ஆடினால் அலைன்மெண்ட் இன்னும் உறுதியாக இல்லை: A முகத்தில் பர் இருக்கலாம், கிளாம்ப் பார்ட்டை வளைக்கலாம், ஸ்டைலஸ் லூஸாக இருக்கலாம். கழற்றாமல் அப்படியே இரண்டு தடவை ஓட்டிப் பார்த்தால் இந்தத் தப்புகளில் பல வெளியே வராது.

சாஃப்ட்வேரில் பெஸ்ட் ஃபிட் என்று ஒரு பொத்தான் இருக்கிறது. எல்லா ஹோலின் விலகலும் குறைந்தபட்சமாக வரும்படி அதுவே அச்சைத் திருப்பிக்கொடுக்கும். அதைத் தட்டினால் இந்தப் பார்ட் நாலு ஹோலிலும் ஓகே ஆகிவிடும், அதனால்தான் சொல்கிறேன், ரிப்போர்ட் போட அதைத் தொடாதீர்கள். டிராயிங் A, B, C என்று சொல்லியிருக்கும்போது ஹோல்களே தங்களுக்கு வசதியான அச்சைத் தேர்ந்தெடுக்கக் கூடாது. அசெம்பிளியில் கவர் வந்து உட்காரப்போவது B, C டவல்களில்தான். நோய் கண்டுபிடிக்க மட்டும் அந்தப் பொத்தானைப் பயன்படுத்தலாம்: எத்தனை டிகிரி திருப்பினால் சரியாகிறது என்று அது சொல்லும். உங்கள் பார்ட்டில் 0.057 பக்கத்தில் சொல்லும்.

புரோகிராமைத் திருத்தினால் ரிப்போர்ட் உண்மை பேசும், ஆனால் பார்ட் திருந்தாது. திருந்த வேண்டியது டேப்பிங் ஃபிக்ஸர். எட்ஜ் ஸ்டாப்பரை எடுத்துவிட்டு, B-க்கு ஒரு முழு உருளை பின்னும் C-க்கு ஒரு டைமண்ட் பின்னும் போடுங்கள். C-யிலும் முழு பின் போட்டால் 180-ல் வருகிற சின்ன வித்தியாசத்துக்கே பார்ட் இறங்காமல் அடம்பிடிக்கும். போர் 12 எச்7, அதாவது அதிகபட்சம் 12.018. பின் 11.99 வைத்தால் மிக மோசமான நிலையில்கூட ஹோல் 4-ல் பொசிஷன் 0.06-க்குள்தான் ஆடும். 0.2-க்கு இது தாராளம்.

ஃபிக்ஸர் வருவதற்குள், கையில் இருக்கிற பார்ட்டுகளில் பத்துப் பதினைந்தை எடுத்துப் புதிய புரோகிராமில் ஓட்டுங்கள். எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒரே அளவு திருப்பம் இருந்தால் காரணம் டையிலோ முதல் செட்டிங் ஃபிக்ஸரின் தாங்கும் இடத்திலோ நிலையாக இருக்கிறது. ஒவ்வொன்றிலும் வேறு வேறாக இருந்தால், சில சமயம் எதிர்ப்பக்கம்கூடத் திரும்பியிருந்தால், ஸ்டாப்பரில் சிப்ஸ் உட்காருகிறது அல்லது காஸ்டிங் ஃப்ளாஷ் இடிக்கிறது. இந்த இரண்டாவது நிலையில் ஸ்டாப்பரை ஷிம் வைத்துச் சரிசெய்கிறேன் என்று இறங்காதீர்கள், ஒரு பார்ட் சரியாகி அடுத்தது கெடும்.

ரிஜெக்ட் ஆன லாட்டை மறுபடி மெஷின் செய்ய வழியில்லை, மரை விழுந்துவிட்டது. ஆனால் ஸ்கிராப்பில் போடுவதற்கு முன் கவரின் டிராயிங்கைக் கேட்டுப் பாருங்கள். எம்8 போல்ட்டுக்கு வழக்கமாகக் கொடுக்கிற வழிவிடும் ஹோல் 9 மி.மீ. அப்படி இருந்தால் ஹவுசிங்குக்கும் கவருக்கும் சேர்த்து பொசிஷனில் 1 மி.மீ. வரை இடம் இருக்கிறது. உங்கள் 0.32-ம் கவரின் டாலரன்ஸும் சேர்ந்தாலும் போல்ட் இறங்கக்கூடும். அந்தக் கணக்கையும், பார்ட் வாரியாகப் புதிய அலைன்மெண்டில் எடுத்த ரிப்போர்ட்டையும் வைத்து டீவியேஷன் கேட்கலாம். கொடுப்பதும் மறுப்பதும் டிசைன் கையில். மரையின் ஆழத்தில் சாய்வு இருந்தால் இந்தக் கணக்கு போதாது, அதற்கும் ஒரு வரி சேர்த்து அளந்து அனுப்புங்கள்.

முதலில் அந்த C சோதனையை முடித்துவிட்டு எழுதுங்கள் தம்பி. C-யின் Y −0.18-க்குப் பக்கத்தில் இல்லாமல் பூஜ்யத்தை ஒட்டி வந்தால் நான் சொன்ன காரணம் உங்கள் பார்ட்டுக்குப் பொருந்தாது. அப்போது கஸ்டமர் C என்று எந்தப் போரைத் தொட்டார், அவருடைய ரிப்போர்ட்டில் C-யின் Y எவ்வளவு என்பதைக் கேட்டு வாங்கி வையுங்கள். அந்த எண் இருந்தால் அங்கிருந்து தொடரலாம்.